பத்து நிமிட ஸ்கிரிப்டை மூன்று நிமிடமாக்குவது எப்படி? வாதம் உடையாமல் வெட்டும் முறை

பத்து நிமிட விளக்க வீடியோவுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் கையில் இருக்கிறது. அதே விஷயம் மூன்று நிமிடத்தில் வேண்டும் என்கிறார்கள். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது, இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் 2025 ஜனவரியில் அதே அளவுக்கு வந்துவிட்டது. அதனால் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக, வாக்கியம் வாக்கியமாகச் சொற்களை அடித்துக்கொண்டே வருவார்கள். முடித்துப் பார்த்தால் ஸ்கிரிப்ட் எட்டு நிமிடத்தில் நிற்கும். பிறகு அவசரத்தில் நடுவிலிருந்து மூன்று நான்கு பத்திகளைத் தூக்குவார்கள். நேரம் சரியாகிவிடும், ஆனால் கடைசியில் வரும் முடிவுக்குக் காரணம் வீடியோவில் எங்கேயும் இருக்காது. பார்ப்பவருக்கு ஏதோ அறிவுரை கேட்டதுபோல இருக்குமே தவிர, நம்புவதற்கு எதுவும் கிடைத்திருக்காது.

கீழே உள்ள முறை இதற்கு நேர் எதிரானது. முதலில் வாதத்தை வெளியே எடுத்து வைக்கிறோம், அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கிறோம், அதை மட்டும் வைத்துப் புதிதாக எழுதுகிறோம். சொல் சொல்லாக வெட்டுவது கடைசிக்கு முந்தைய வேலை.

விளக்கத்துக்கு ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். டெங்கு தடுப்பு பற்றிய பத்து நிமிட ஸ்கிரிப்ட். அதன் பகுதிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

- வணக்கம், சேனல் அறிமுகம், இன்று என்ன பார்க்கப்போகிறோம்: 50 வினாடி
- டெங்கு என்றால் என்ன, நான்கு வகை வைரஸ், அறிகுறிகள்: 1 நிமிடம் 50 வினாடி
- ஏடிஸ் கொசு, அதன் கால் வரிகள், பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது: 1 நிமிடம் 30 வினாடி
- முட்டையிலிருந்து கொசு வரை: 1 நிமிடம் 20 வினாடி
- தண்ணீர் தேங்கும் பதினான்கு இடங்கள்: 1 நிமிடம் 40 வினாடி
- புகை மருந்து அடிப்பது: 1 நிமிடம் 10 வினாடி
- வீட்டு வைத்தியம் பற்றிய கேள்விகள்: 50 வினாடி
- சுருக்கம், சப்ஸ்கிரைப் வேண்டுகோள்: 50 வினாடி

மொத்தம் 600 வினாடி.

1. நேரத்தைச் சொற்களாக மாற்றுங்கள்

மூன்று நிமிடம் என்றால் 180 வினாடி என்று எழுதத் தொடங்காதீர்கள். வரம்புக்கு ஒரு வினாடி மேலே போனாலும் அது ஷார்ட்ஸ் கணக்கில் வராது. எடிட்டிங்கில் கடைசி ஃபிரேம், இசை முடியும் இடம் என்று இரண்டு மூன்று வினாடி எப்போதும் கூடும். 170 வினாடியை இலக்காக வையுங்கள். அதிலும் 20 வினாடியைக் குரல் இல்லாமல் விடுங்கள். படத்தைப் பார்க்க, ஒரு கருத்திலிருந்து அடுத்ததுக்குப் போக, கேட்டது மனதில் இறங்க அந்த இடைவெளி வேண்டும். ஆக, பேசுவதற்கு உங்களிடம் இருப்பது 150 வினாடி.

அடுத்து உங்கள் பேச்சு வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய ஸ்கிரிப்டில் ஒரு பக்கத்தை எடுத்து, ரெக்கார்டிங்கில் வாசிப்பதுபோலவே சத்தமாக வாசித்து, போனில் நேரம் பாருங்கள். சொற்களை எண்ணி நிமிடத்தால் வகுங்கள். விளக்க வீடியோவில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 100 முதல் 120 சொல் வரும். ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் 150-ஐ எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது.

110 என்று வைத்தால், பழைய ஸ்கிரிப்ட் சுமார் 1100 சொல். புதியதற்கு 150 வினாடியில் கிடைப்பது சுமார் 275 சொல். பத்திலிருந்து மூன்று என்றதும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் என்று தோன்றும். உண்மையில் மிஞ்சப்போவது நான்கில் ஒரு பங்கு. இந்த எண்ணை முதலிலேயே பார்த்துவிட்டால், வாக்கியங்களைச் செதுக்கி அங்கே போய்ச் சேர முடியாது என்பது புரிந்துவிடும்.

எண்ணும்போது இரண்டு இடங்களில் கணக்கு தவறும். ஒன்று, ஸ்கிரிப்டில் 2024 என்று எழுதியிருந்தால் கணினி அதை ஒரு சொல்லாக எண்ணும். வாயில் அது "ரெண்டாயிரத்து இருபத்தி நாலு". எண்களை எல்லாம் வாசிக்கும் விதத்தில் எழுத்தால் எழுதிவிட்டு எண்ணுங்கள். இன்னொன்று, "இருந்து தான்" என்று பிரித்து எழுதுபவருக்கும் "இருந்துதான்" என்று சேர்த்து எழுதுபவருக்கும் எண்ணிக்கை மாறும். இருவர் சேர்ந்து எழுதும் ஸ்கிரிப்டில் இது ஐம்பது அறுபது சொல் வரை வித்தியாசம் காட்டும். எண்ணிக்கை ஒரு மதிப்பீடுதான், கடைசித் தீர்ப்பு ஸ்டாப்வாட்சுக்குத்தான்.

2. வாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

பழைய ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு, வெறும் தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். தலைப்பை எழுதக் கூடாது. "டெங்கு தடுப்பு" என்பது தலைப்பு, அதை யாரும் மறுக்கவோ ஏற்கவோ முடியாது. வாதம் என்றால் ஒருவர் "அப்படியா? ஏன்?" என்று கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது இது:

"வீட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; புகை மருந்தை மட்டும் நம்பியிருந்தால் போதாது."

அதன் கீழே "ஏனென்றால்" என்று எழுதி, காரணங்களை வரிசையாக இடுங்கள்.

முதல் காரணம்: டெங்கு கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது.
இரண்டாவது: முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகிறது.
மூன்றாவது: முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.
நான்காவது: புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவும் முட்டையும் தப்பிவிடும்.

இப்போது ஒவ்வொரு காரணத்தையும் கையால் மறைத்துவிட்டு வாதத்தை வாசியுங்கள். இரண்டாவதை மறைத்தால், "ஏன் வாரம் ஒருமுறை? மாதம் ஒருமுறை போதாதா?" என்ற கேள்வி பதிலில்லாமல் நிற்கும். மூன்றாவதை மறைத்தால், "தண்ணியைத்தான் கொட்டிட்டேனே, எதுக்குத் தேய்க்கணும்?" முதலாவதை மறைத்தால், "கொசு சாக்கடையில்தானே வருது, எங்க வீட்டுல என்ன?" நான்காவதை மறைத்தால், "அதான் மாநகராட்சியில புகை அடிக்கிறாங்களே." நான்கும் தேவை என்பது இப்படித்தான் தெரியவரும். மறைத்தும் எந்தக் கேள்வியும் எழாத காரணம் இருந்தால், அது எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் இந்த மூன்று நிமிடத்துக்கு உரியது அல்ல.

மூன்று நிமிடத்தில் நான்கு காரணம்தான் உச்சம். ஐந்தாவது வந்தால் ஒவ்வொன்றுக்கும் பேச இருபத்தைந்து வினாடிகூடக் கிடைக்காது. தாளில் ஆறு ஏழு காரணம் வந்துவிட்டால், உங்களிடம் இருப்பது இரண்டு வாதங்கள் என்று பொருள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

3. பழைய ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பத்திக்கும் அடையாளம் இடுங்கள்

இப்போது பழைய ஸ்கிரிப்டைத் திறக்கலாம். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். நகலில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது தாளில் உள்ள எந்தக் காரணத்துக்கு வேலை செய்கிறது என்று எண்ணை இடுங்கள். எதற்கும் இல்லை என்றால் சுழியம்.

நம் உதாரணத்தில், வணக்கம் சொல்லும் பகுதி சுழியம். நான்கு வகை வைரஸ், அறிகுறிகள் எல்லாம் சுழியம். வீட்டு வைத்தியமும் கடைசிச் சுருக்கமும் அப்படித்தான். இவை மட்டும் 4 நிமிடம் 20 வினாடி. ஒரு வாக்கியத்தைக்கூடச் செதுக்காமல் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்கிரிப்ட் போய்விட்டது.

பலருக்கும் கை நடுங்குவது இங்கேதான். அறிகுறிகளை எப்படி விடுவது, அது முக்கியமாயிற்றே என்று தோன்றும். முக்கியம்தான். ஒரு மருத்துவரிடம் கேட்டால் அறிகுறிகள்தான் முதலில் என்பார். ஆனால் அறிகுறி தெரிந்தவர் தண்ணீரைக் கொட்டப் போவதில்லை. அந்தப் பகுதி வேறொரு வாதத்துக்கு, "காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்ற வாதத்துக்கு உரியது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "இது முக்கியமா?" அல்ல. "இதை எடுத்தால் முடிவு நிற்குமா?" என்பதுதான். முக்கியம் என்று பார்த்தால் எல்லாமே முக்கியம், எதையும் எடுக்க முடியாது.

இதற்கு நேர் மாறாக, புகை மருந்துப் பகுதி பக்கவழியில் போவதுபோலத் தெரியும். வெட்டச் சொன்னால் பலர் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மறுப்பு அது. அதற்குப் பதில் சொல்லாவிட்டால், மற்ற மூன்று காரணங்களையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எப்படியும் புகை அடிப்பாங்க" என்று எழுந்து போய்விடுவார். நீண்ட ஸ்கிரிப்டில் ஐந்தாறு மறுப்புகளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். குறுகியதில் மிக வலுவான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதையாவது கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எடுத்த பகுதிகளை அழிக்காதீர்கள். "வெட்டியவை" என்று ஒரு தனிக் கோப்பு வைத்து அதில் ஒட்டிவிடுங்கள். திரும்ப எடுக்கலாம் என்ற உறுதி இருந்தால்தான் கை தயங்காமல் வெட்டும்.

4. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சான்று, ஒரு உதாரணம்

பத்து நிமிடத்தில் அடுக்கிச் சொல்வது பலம். மூன்று நிமிடத்தில் அடுக்கினால் எதுவும் நிற்காது. தண்ணீர் தேங்கும் பதினான்கு இடங்கள் 1 நிமிடம் 40 வினாடி எடுத்துக்கொள்கின்றன. அதில் குரலில் சொல்ல ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? எல்லோருக்கும் தெரிந்ததை அல்ல. பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று சொன்னால், "எங்க வீட்டுல அதெல்லாம் இல்லை" என்று பார்ப்பவர் நிம்மதியாகிவிடுவார். சந்தேகப்படுபவரின் வீட்டுக்குள் நுழையும் உதாரணம் வேண்டும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழே இருக்கும் தண்ணீர்த் தட்டு அப்படிப்பட்டது. வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தத் தட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கொசு சாக்கடையில்தான் வரும் என்ற நம்பிக்கையை அந்த ஒரு தட்டு கலைத்துவிடும். பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம், மொட்டை மாடியில் கிடக்கும் வாளி போன்றவை குரல் இல்லாமல் ஆளுக்கு ஒரு வினாடி படமாக ஓடட்டும். மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

எண்களுக்கும் இதே விதிதான். வாதம் எந்த எண்ணின்மேல் நிற்கிறதோ அது மட்டும் இருக்கட்டும். இங்கே அது "ஏழிலிருந்து பத்து நாள்". நான்கு வகை வைரஸ், புழுவின் நான்கு வளர்ச்சிக் கட்டம் எல்லாம் உண்மையான தகவல்கள்தான், ஆனால் பக்கத்தில் வேறு எண்கள் இருந்தால் நினைவில் நிற்க வேண்டிய எண் மங்கிவிடும்.

5. வெற்றுப் பக்கத்தில் புதிதாக எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். மிஞ்சிய பத்திகளை ஒட்டவைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. பழைய வாக்கியங்கள் தங்களுக்கு முன்னும் பின்னும் இருந்ததை நம்பி எழுதப்பட்டவை. "நாம ஏற்கெனவே பார்த்த மாதிரி", "இந்தக் கொசு", "அதனாலதான்" என்று அவை சுட்டும் இடங்கள் இப்போது இல்லை.

பக்கத்தை நடுவில் நெடுக ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் படம், வலப்பக்கம் குரல். 170 வினாடியை முதலில் பங்கிடுங்கள். திறப்பு 15, நல்ல தண்ணீர் 35, நாள் கணக்கு 40, தேய்ப்பது 25, புகை 30, செய்ய வேண்டியது 25. பிறகு தாளில் உள்ள காரணங்களை மட்டும் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். பழைய ஸ்கிரிப்டைத் தகவல் சரிபார்க்க மட்டும் திறங்கள்.

திறப்பில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து நிமிட வீடியோவில் காரணங்களைக் கட்டிக்கொண்டு போய்க் கடைசியில் முடிவைச் சொல்லலாம். மூன்று நிமிடத்தில் அதற்கு நேரமில்லை, அதோடு முடிவு தெரிந்தால்தான் ஒவ்வொரு காரணமும் எதற்காக வருகிறது என்று பார்ப்பவருக்கு விளங்கும்.

> உங்க வீட்டுல டெங்கு கொசு பிறக்கிறதைத் தடுக்க வாரத்துல ஒரு நாள் போதும். தேங்கி நிக்கிற தண்ணியைக் கொட்டணும், பாத்திரத்தோட உள்பக்கத்தைத் தேய்க்கணும். ஏன் வாரம் ஒருமுறை, ஏன் தேய்க்கணும்னு பார்க்கலாம்.

23 சொல், பன்னிரண்டு பதிமூன்று வினாடி. கடைசி வாக்கியம் எழுப்பும் இரண்டு கேள்விகளும் வீடியோவின் நடுப்பகுதியை இழுத்துச் செல்லும்.

இப்போது நாள் கணக்குப் பகுதியை நெருங்கிப் பார்ப்போம். பழையது இது:

> இப்போ பார்த்தீங்கன்னா, இந்த கொசு எப்படி உருவாகுது அப்படிங்கிறதை நாம தெரிஞ்சுக்கணும். ஒரு பெண் கொசு வந்து தண்ணீர் இருக்கிற பாத்திரத்தோட உள்பக்கச் சுவர்ல முட்டை போடும். அந்த முட்டையில இருந்து புழு வெளிய வரும். அந்தப் புழு நாலு கட்டமா வளர்ந்து, அதுக்கப்புறம் கூட்டுப்புழுவா மாறும். கூட்டுப்புழுவில இருந்துதான் கொசு வெளிய வரும். இந்த மொத்த சுழற்சியும் நடந்து முடியறதுக்கு, தட்பவெப்பத்தைப் பொறுத்து, ஏறக்குறைய ஏழு நாள்ல இருந்து பத்து நாள் வரைக்கும் ஆகும் அப்படிங்கிறது குறிப்பிடத்தக்கது. அதனாலதான் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணியைக் கொட்டிடணும்னு சொல்றாங்க.

புதியது:

> முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஏழுல இருந்து பத்து நாள் ஆகும். அதுக்குள்ள ஒரு தடவை தண்ணியைக் கொட்டிட்டா, புழு கொசுவாகவே முடியாது. அதனாலதான் வாரம் ஒருமுறை.

63 சொல் 20 ஆகியிருக்கிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்ற வரிசை இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. நான்கு படங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு சொல். கண்ணுக்குத் தெரிவதைக் குரல் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை சுவரில் ஒட்டும் விஷயம் மூன்றாவது காரணத்துக்கு நகர்ந்துவிட்டது, ஏனென்றால் தேய்ப்பதற்கான ஆதாரம் அதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அதுக்குள்ள ஒரு தடவை தண்ணியைக் கொட்டிட்டா, புழு கொசுவாகவே முடியாது" என்ற வாக்கியம் பழையதில் இல்லவே இல்லை. அங்கே நாள் கணக்கிலிருந்து முடிவுக்கு நேராகத் தாவிவிட்டோம், நீளத்தில் அது தெரியவில்லை. சுருக்கும்போது இப்படி விட்டுப்போன இணைப்புகள் வெளியே வரும். அவற்றை எழுதிச் சேர்க்கத் தயங்காதீர்கள். சுருக்குவது என்றால் குறைப்பது மட்டும்தான் என்று நினைத்தால் இந்த இடத்தில்தான் வாதம் உடையும். அதேபோல "அதனால", "ஏன்னா", "ஆனா" என்ற சிறு சொற்களை இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அடிக்காதீர்கள். ஒரு காரணமும் ஒரு முடிவும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பது அவற்றால்தான்.

படத்துக்குத் தள்ளும்போது ஒரு வரம்பு உண்டு. பொருளை, இடத்தை, வரிசையைப் படம் நன்றாகச் சொல்லும். காரணத்தையும் நிபந்தனையையும் படம் சொல்லாது. அவற்றைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிட்டுக் குரலில் வேறொன்று பேசினால், பார்ப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் பிடிப்பார். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே காதில் மட்டும் கேட்பார்கள். அதனால் நான்கு காரணங்களும் குரலில் இருந்தாக வேண்டும்.

6. சுருக்கும்போது பொய்யாகிவிடும் வாக்கியங்கள்

இந்தப் பொறிதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் வீடியோ கேட்க நன்றாகவே இருக்கும். பழைய ஸ்கிரிப்டில் புகை பற்றி இப்படி இருந்திருக்கும்: "காய்ச்சல் பரவுற நேரத்துல பறக்கிற கொசுவைக் குறைக்க புகை மருந்து உதவும். ஆனா அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. தண்ணிக்குள்ள இருக்கிற புழுவை அது ஒண்ணும் செய்யாது."

இதை வெட்ட உட்கார்ந்தால் முதல் வாக்கியம் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தெரியும், அதை எடுத்துவிடத் தோன்றும். "மட்டும்" என்ற சொல்லும் கூடவே போகும். மிஞ்சுவது "புகை மருந்தால பயன் இல்லை." இது தவறான தகவல். சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் கருத்துப் பெட்டியில் அதைச் சுட்டிக்காட்டினால், சரியாகச் சொன்ன மற்ற மூன்று காரணங்களும் அதோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

சரியான சுருக்கம்: "புகை, பறக்கிற கொசுவைக் குறைக்கும். தண்ணிக்குள்ள இருக்கிற புழுவைத் தொடாது." பத்துச் சொல்லுக்கும் குறைவு, இரண்டு பக்கமும் இருக்கிறது.

பழைய ஸ்கிரிப்டில் "பெரும்பாலும்", "ஏறக்குறைய", "மட்டும்", "சில நேரம்", "பொறுத்து" போன்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் ஒரு நிறத்தில் குறித்துவையுங்கள். புதிய ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கூற்று புதியதில் இருந்தால், நிபந்தனையும் ஏதோ ஒரு வடிவில் இருக்க வேண்டும். இடமில்லை என்றால் கூற்றையும் எடுத்துவிடுங்கள். நம் உதாரணத்தில் "தண்ணீரைக் கொட்டுங்கள்" என்பது மொட்டை மாடித் தொட்டிக்கும் நிலத்தடித் தொட்டிக்கும் பொருந்தாது, வாரம் ஒருமுறை யாராலும் அவற்றைக் கொட்ட முடியாது. "கொட்ட முடியாத தொட்டியை இறுக்கி மூடி வைங்க" என்ற ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், முழு அறிவுரையும் நடக்காத காரியமாகத் தெரியும். அந்த வாக்கியத்துக்கு மூன்று வினாடி கொடுத்தே ஆக வேண்டும்.

7. இப்போது சொற்களை வெட்டுங்கள்

ஸ்கிரிப்ட் இப்போது 300 சொல் அளவில் இருக்கும். மீதி 25-ஐ இங்கே எடுக்கலாம். பேச்சுத் தமிழ் ஸ்கிரிப்டுகளில் திரும்பத் திரும்ப வருபவை: "பார்த்தீங்கன்னா", "வந்து", "அப்படிங்கிற", "அப்படின்னு சொல்லலாம்", "என்பது குறிப்பிடத்தக்கது", "ஒரு விதமான". இவற்றை எடுத்தால் பொருள் கொஞ்சமும் மாறாது. "செய்யப்பட்டு வருகிறது" போன்ற நீண்ட வினைகளை "செய்றாங்க" என்று மாற்றுங்கள். சொல் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் வாய்க்கு நான்கைந்து அசை மிச்சம்.

"வாங்க வீடியோவுக்குள்ள போகலாம்" போய்விடட்டும். கடைசிச் சுருக்கமும் தேவையில்லை. மூன்று நிமிடத்துக்கு முன் கேட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடைசி 25 வினாடி, என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும். எந்த நாள், எந்த மூன்று இடம், எதை வைத்துத் தேய்ப்பது.

8. வாசித்து நேரம் பார்த்து, ஒருவரிடம் சோதியுங்கள்

எழுந்து நின்று, சத்தமாக, வழக்கமான வேகத்தில் வாசியுங்கள். மனதுக்குள் வாசித்துப் பார்த்த நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும், அதை நம்பாதீர்கள். 150 வினாடிக்கு மேலே போனால் வேகமாகப் பேசிச் சரிக்கட்டலாம் என்றும் எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டலாம் என்றும் தோன்றும். இரண்டுமே காரணங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் முதலில் விழுங்கும். பத்து வினாடிக்கு மேல் கூடுதலாக இருந்தால் 4-வது படிக்குத் திரும்பி ஒரு உதாரணத்தை எடுங்கள். இருபது வினாடிக்கு மேல் என்றால் 2-வது படிக்கே போய், ஒரு காரணத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

பிறகு பழைய ஸ்கிரிப்டைப் படிக்காத ஒருவரைத் தேடுங்கள். உங்கள் குழுவில் இருப்பவர் உதவமாட்டார். விட்டுப்போனதை அவர் மனமே நிரப்பிக்கொள்ளும். புதியவருக்கு ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்பார், அதனால் பயனில்லை. மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன செய்யச் சொல்கிறோம்? ஏன்? இதில் நம்ப முடியாதது எது?

"தண்ணியைக் கொட்டணும், தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டு ஏன் என்பதற்கு "கொசு வரும்ல" என்று நிறுத்தினால், நாள் கணக்கும் முட்டை ஒட்டுவதும் அவரைப் போய்ச் சேரவில்லை. குறை அந்த இரண்டு பகுதிகளில்தான், வேறெங்கும் தேட வேண்டாம். மூன்றாவது கேள்விக்கு அவர் புதிதாக ஒரு மறுப்பைச் சொன்னால், நீங்கள் தேர்ந்தெடுத்த மறுப்பைவிட அது வலுவானதா என்று யோசியுங்கள். இரண்டு பேர் ஒரே மறுப்பைச் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

9. நேரம், செலவு, கோப்புகள்

பழக்கம் இல்லாதவருக்கு இந்த வேலை ஒரு முழு நாள் எடுக்கும். முதல் மூன்று படிக்குக் காலையில் இரண்டு மணி நேரம், எழுத மூன்று மணி நேரம். வாசித்துச் சோதிப்பதை முடிந்தால் மறுநாளுக்கு வையுங்கள். எழுதிய அன்றே வாசித்தால் விட்டுப்போன இணைப்புகள் கண்ணில் படாது.

செலவு எங்கே ஏறும் என்றால், ஒலிப்பதிவுக்குப் பிறகு வெட்ட நினைக்கும்போது. பத்து நிமிடக் குரல் கையில் இருக்கிறதே, அதிலிருந்தே துண்டுகளை எடுத்து ஒட்டிவிடலாம் என்பார்கள். ஒட்டிய இடங்களில் குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாது, வாக்கியம் முடிந்த தொனியில் அடுத்த வாக்கியம் தொடங்கும். 5-வது படியில் புதிதாக எழுதிய இணைப்பு வாக்கியங்களும் அதில் இருக்காது. மூன்று நிமிடக் குரலைப் புதிதாகப் பதிவு செய்ய அரை மணி நேரம் போதும். ஒட்டி ஒட்டிச் சரிசெய்ய எடிட்டருக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் போகும், அந்தக் கூலியும் உங்களுடையதுதான். நீளமும் குறுகியதும் இரண்டுமே தேவை என்று முன்பே தெரிந்தால், இரண்டு ஸ்கிரிப்டையும் முடித்துவிட்டு ஒரே நாளில் பதிவு செய்யுங்கள். குரல் கலைஞரோ எடிட்டரோ வெளியாள் என்றால், எத்தனை முறை திருத்தம் கூலிக்குள் அடங்கும் என்பதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் நான்கு கோப்புகள் இருக்க வேண்டும்: தொடாத மூல ஸ்கிரிப்ட், வாதத் தாள், "வெட்டியவை", புதிய ஸ்கிரிப்ட். நீண்ட வடிவில் தகவல்களுக்கு வைத்திருந்த ஆதாரக் குறிப்பை, புதியதில் மிஞ்சிய தகவல்களுக்கு மட்டும் சுருக்கி வாதத் தாளின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். யாராவது கேட்டால் உடனே காட்டலாம்.

வெளியிடும்போது, வெட்டியதில் பார்ப்பவரின் பாதுகாப்பு தொடர்பானது ஏதாவது உண்டா என்று "வெட்டியவை" கோப்பை ஒருமுறை பாருங்கள். நம் உதாரணத்தில் அறிகுறிகள் அப்படிப்பட்டவை. ஷார்ட்ஸ் விளக்கப் பகுதியில் போடும் இணைப்பைச் சொடுக்க முடியாது, அதனால் நீண்ட வீடியோவைத் "தொடர்புடைய வீடியோ"வாக இணைத்துவிட்டு, "காய்ச்சல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்" என்ற வரியை விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வரிகளிலேயே போட்டுவிடுங்கள். மூன்றாவது வரிக்குக் கீழே இருப்பதை விரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.